தொட்டி கழுவும் நாளில் தண்ணீர் நிறுத்தம்: குடியிருப்போர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

வரும் சனிக்கிழமை நம் குடியிருப்பின் சம்ப்பையும் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தொட்டியையும் கழுவுகிறோம். ஞாயிறு காலை 7 மணியிலிருந்து மாலை 5 மணி வரை 40 வீடுகளிலும் எந்தக் குழாயிலும் தண்ணீர் வராது. லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியதிலிருந்து பலர் நேரிலும் போனிலும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமையும் தண்ணீர் வராதா? சரியான நேரத்தைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை தண்ணீர் நிற்காது. அன்று காலை 8 மணிக்குள் மொட்டைமாடித் தொட்டியை முழுக்க நிரப்பிவிட்டு, 9 மணிக்கு சம்ப்பைக் கழுவ ஆரம்பிப்பார்கள். மேலே இருக்கும் 24,000 லிட்டரில்தான் அன்று மாலை வரை ஓட வேண்டும். ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போட்டால் நம் 40 வீடுகளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21,600 லிட்டர் ஆகும். போதும், ஆனால் தாராளம் இல்லை. அதனால் சனிக்கிழமை பகலில் வாஷிங் மெஷின் போடுவதையும் கார் கழுவுவதையும் தள்ளி வையுங்கள்.

ஞாயிறு காலை 7 மணிக்கு மொட்டைமாடியில் மெயின் வால்வை மூடுகிறோம். தொட்டியை வடிக்க ஒரு மணி நேரம், கழுவி மருந்தடித்து அலச நண்பகல் தாண்டிவிடும், திரும்ப நிரப்ப 2 மணி நேரம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 3 மணி வாக்கிலேயே தண்ணீர் வந்துவிடும். ஆனாலும் 5 மணி என்றே அறிவித்திருக்கிறோம். மோட்டார் ஓட வேண்டிய நேரத்தில் மின்சாரம் போகலாம், முதல் அலசலில் கலங்கல் தெளியாமல் இன்னொரு முறை அலச வேண்டி வரலாம். 3 மணியை நம்பி யாரும் குறைவாகப் பிடித்து வைக்க வேண்டாம்.

ஒரே நாளில் இரண்டையும் முடித்தால் என்ன? எதற்கு வார இறுதி முழுக்க இழுக்கிறீர்கள்?

மேல்தொட்டிக்குப் போகும் தண்ணீர் சம்ப்பிலிருந்துதான் ஏறுகிறது. மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் முதலில் சம்ப்பில்தான் விழுகின்றன. லாரியில் வரும் மண், போர் தண்ணீரில் வரும் இரும்புச் சத்து எல்லாம் அங்கே அடியில் படிகின்றன. போன முறை சம்ப்பின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஃபுட் வால்வைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் விரல் கனத்துக்குச் சேறு. மேலாகப் பார்த்தால் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஒரு கம்பை விட்டுக் கலக்கியதும் அடியே தெரியாமல் மறைந்துவிட்டது. மோட்டார் ஓடும்போதெல்லாம் இதில் கொஞ்சம் மேலே போய்க்கொண்டேதான் இருக்கும். சம்ப்பை அப்படியே விட்டு மேல்தொட்டியை மட்டும் பளபளவென்று கழுவினால், முதல் மோட்டாரிலேயே அழுக்கு மேலே ஏறிவிடும். அதனால் கீழிருந்து மேலே என்ற வரிசையை மாற்ற முடியாது.

இரண்டையும் ஒரே நாளில் செய்தால் மேலேயும் கீழேயும் ஒருசேரக் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் லாரி வராவிட்டால் மொத்தக் குடியிருப்பும் தவிக்கும். சனிக்கிழமை மதியம் சம்ப் கழுவி முடிந்ததும் 12,000 லிட்டர் லாரி இரண்டு சொல்லியிருக்கிறோம். மெட்ரோ தண்ணீரும் சேர்ந்தால் ஞாயிறு மதியம் மேல்தொட்டியை நிரப்பத் தேவையானது கீழே தயாராக இருக்கும்.

மேல்தொட்டிக்குள் இரண்டு அறை இருக்கிறதே. ஒன்றைக் கழுவும்போது மற்றதிலிருந்து தண்ணீர் விடலாமே?

நல்ல கேள்வி. கட்டும்போதே இரண்டு அறைக்கும் தனித்தனி வால்வு வைத்திருந்தால் அப்படியே செய்திருக்கலாம். நம் தொட்டியில் இரண்டு அறையின் வெளிக்குழாயும் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் ஒரே ஒரு கேட் வால்வு இருக்கிறது. ஓர் அறையை மட்டும் தனியாக அடைக்க வழியில்லை. அது தவிர, நடுச்சுவர் மேல்தளம் வரை போகவில்லை, ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. ஒரு பக்கம் பிரஷர் ஜெட் அடித்தால் பாசியும் மருந்துத் தண்ணீரும் அந்தப் பக்கம் தெறித்து விழும். அந்தத் தண்ணீர் உங்கள் சமையலறைக் குழாய்க்கு வருவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தீயணைப்புக்கான தொட்டி தனி. அதை இந்த வாரம் தொடவில்லை. குடிநீர்த் தொட்டியும் அதுவும் ஒரே நேரத்தில் காலியாக இருக்கக் கூடாது.

எவ்வளவு பிடித்து வைக்க வேண்டும்? நாங்கள் நாலு பேர்.

குளியலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 7 மணிக்கு முன்னால் குளிக்கலாம், அல்லது மாலையில் குளிக்கலாம். மீதியைப் பார்ப்போம்.

குடிக்க ஆளுக்கு 3 லிட்டர், நாலு பேருக்கு 12. அரிசி காய்கறி கழுவிச் சமைக்க 8. இந்த 20 லிட்டரும் குடிக்கிற தரத்தில் இருக்க வேண்டும். ஒரு கேன் வாங்கி வைத்தால் இது முடிந்தது. வீட்டு ஆர்.ஓ. மெஷினை நம்புகிறவர்கள் சனிக்கிழமையே குடங்களில் பிடித்துவிடுங்கள். தண்ணீர் நின்ற பிறகு மெஷினுக்குள் இருக்கும் சில லிட்டர்தான் மிஞ்சும்.

கழிப்பறைதான் அதிகம் கேட்கும், இதைத்தான் எல்லாரும் குறைத்துப் போடுகிறார்கள். பத்து மணி நேரத்தில் ஆளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவைக்கும் 6 லிட்டர் என்றால் நாலு பேருக்கு 72 லிட்டர். வாளியிலிருந்து ஒரே வீச்சில் ஊற்றினால் 6 லிட்டர் போதும், குவளை குவளையாக ஊற்றினால் இரண்டு மடங்கு ஆகும். பாத்திரம் துலக்க 30, கை கால் முகம் கழுவ 15.

மொத்தம் ஏறத்தாழ 137 லிட்டர். ஒரு கேனும், 18 லிட்டர் வாளியில் ஏழு வாளியும் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் 60 லிட்டர் டிரம் இருந்தால் அதோடு மூன்று, நான்கு வாளி போதும். மதியச் சாப்பாட்டை வாழை இலையிலோ மந்தாரை இலையிலோ போட்டால் பாத்திரக் கணக்கு பாதியாகும். கைக்குழந்தை இருக்கும் வீடும் படுக்கையில் நோயாளி இருக்கும் வீடும் இன்னும் 40 லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். தூக்கி வைக்க ஆள் இல்லாத பெரியவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் வாட்ச்மேனிடம் சொல்லுங்கள், வாளி நிரப்பி வைக்கவும் கேன் தூக்கி வரவும் ஆள் அனுப்புகிறோம்.

போன தடவை ராத்திரி ஒன்பது மணிக்குப் பிடிக்கப் போனால் அஞ்சாவது மாடியில் சொட்டுகூட வரவில்லை. இந்தத் தடவையும் அப்படித்தானா?

40 வீடும் தலா 150 லிட்டர் பிடித்தால் 6,000 லிட்டர். தொட்டியில் கால் பங்கு. அதைச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லாரும் ஒரே மணி நேரத்தில் திறந்தால், கீழ்மாடிக் குழாய்களே இழுத்துக்கொள்ளும். மேல்மாடிக்குத் தொட்டியிலிருந்து உயர வித்தியாசம் குறைவு என்பதால் அங்கே அழுத்தமும் குறைவு. முதலில் நிற்பது அங்கேதான்.

ஆகவே இந்த முறை நேரம் பிரித்திருக்கிறோம். சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை நாலாவது, அஞ்சாவது மாடி. 7 முதல் 9 வரை இரண்டாவது, மூன்றாவது மாடி. அதற்கப்புறம் கீழ்த்தளமும் முதல் மாடியும். கீழே இருப்பவர்களுக்குக் கடைசியில்கூட நன்றாக வரும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கழுவிய சம்ப்பிலிருந்து மேல்தொட்டியை ஒரு முறை ஏற்றிவிட்டு, 6 மணிக்கு மோட்டாரை நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகு மேலே இருக்கும் தண்ணீரை நாம் எவ்வளவு பிடித்துப் பயன்படுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. மிச்சத்தை ஞாயிறு காலை சாக்கடையில்தான் விட வேண்டும். பிடித்து வைப்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

வாளியில் பிடித்து வைத்தால் கொசு வருமே?

ஒரு நாளில் வராது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆபத்து ஞாயிற்றுக்கிழமை இல்லை. "இருக்கட்டுமே, எதற்கும் உதவும்" என்று பால்கனியில் விட்டு வைக்கும் அந்த ஒரு டிரம்மில்தான் ஆபத்து. அந்தக் கொசு தெளிந்த தண்ணீரைத்தான் தேடும், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகவே பிடிப்பதற்கு முன் டிரம்மின் உள்சுவரைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேயுங்கள். மூடியோ, இறுக்கிக் கட்டிய துணியோ போட்டு மூடுங்கள். மீந்ததைத் திங்கட்கிழமைக்குள் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் தீர்த்துவிடுங்கள்.

குடிக்கிற தண்ணீரைக் குவளை விட்டு மொள்ள வேண்டாம். குழாய் வைத்த பாத்திரமோ சாய்த்து ஊற்றும் குடமோ நல்லது. எத்தனை சுத்தமாகப் பிடித்தாலும் கைபட்டால்தான் கெடுகிறது.

தவழும் குழந்தை, நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டார் இதைக் கவனமாகப் படியுங்கள். நிறைந்த வாளியில் தலைகீழாக விழும் குழந்தையால் தானாக நிமிர முடியாது, சத்தமும் வராது. குளியலறைக் கதவை வெளியே தாழிட்டு வையுங்கள். கூடத்திலும் சமையலறைத் தரையிலும் திறந்த வாளி வேண்டவே வேண்டாம்.

தொட்டிக்குள் ஆள் இறங்குவார்களா? ஆசிட் ஊற்றுவார்களா?

ஆசிட் கிடையாது. ஒப்பந்தக்காரரிடம் எழுதியே வாங்கியிருக்கிறோம். ஆசிட் சிமெண்ட் பூச்சை அரிக்கும், சொரசொரப்பான இடத்தில் பாசி இன்னும் நன்றாகப் பிடிக்கும். அதைவிட முக்கியம், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் அது ஆளைக் கொல்லும்.

வேலை நடக்கும் விதம் இதுதான். தண்ணீரை வடித்ததும் அடிச்சேற்றைச் சேற்று மோட்டார் வைத்து உறிஞ்சுவார்கள். சுவர், மேல்தளத்தின் உள்பக்கம், மூலைகள் எல்லாவற்றையும் நைலான் பிரஷால் தேய்த்துப் பிரஷர் ஜெட்டால் அடிப்பார்கள். கழுவிய தண்ணீரையும் உறிஞ்சி வெளியேற்றிய பிறகுதான் மருந்து. 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 80 கிராமை 100 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் வரும். அதைத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் சுவரெல்லாம் தெளித்து, குறைந்தது அரை மணி நேரம் ஈரமாகவே விட வேண்டும். பிறகு அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவார்கள். செடிக்கும் மழைநீர்க் கிணற்றுக்கும் விட மாட்டோம். சேறு இருக்கும்போதே மருந்தைக் கொட்டினால் குளோரினைச் சேறே தின்றுவிடும். அதனால்தான் "பவுடர் போட்டு மூடிவிடலாமே" என்ற யோசனையை ஏற்கவில்லை.

ஆட்கள் இறங்குவது பற்றி எனக்கு எப்போதும் கவலை உண்டு. மூடிக் கிடந்த சம்ப்பில் அழுகும் சேறும் துருவும் ஆக்சிஜனைக் குறைத்துவிடும், கண்ணுக்கும் மூக்குக்கும் எதுவும் தெரியாது. இரண்டு மூடிகளையும் முன்கூட்டியே திறந்து காற்றூதி ஓட வேண்டும். மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். மோட்டாரின் மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கி வாட்ச்மேன் கையில் வைத்திருப்பார். பெட்ரோல் இஞ்சின் எதையும் உள்ளேயோ மூடி அருகிலோ வைக்க விட மாட்டோம். உள்ளே இருப்பவர் மயங்கினால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கவே கூடாது. பல சாவுகள் அந்த இரண்டாவது ஆளுக்குத்தான் நடந்திருக்கின்றன. கயிற்றை இழுத்து மேலே கொண்டுவந்து 108-க்கு அழைக்க வேண்டும். சங்கத்திலிருந்து இருவர் இரண்டு நாளும் முழு நேரம் அங்கேயே இருப்பார்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள்.

வெளியூர் போகிறோம். ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போக வேண்டுமா?

எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். தண்ணீர் வராத நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்து, வரவில்லை என்று அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. ஒரு முறை மூன்றாவது மாடியில் பூட்டிய வீட்டில் சிங்க் குழாய் திறந்திருந்து, வடிகாலில் கரண்டி அடைத்து, தண்ணீர் படியிறங்கி லிஃப்ட் குழிக்குள் போய்விட்டது. லிஃப்ட் ஓட நான்கு நாள் ஆனது. வீட்டு மெயின் வால்வு உங்கள் குளியலறைப் பரண் பக்கம் இருக்கும். அதை மூடிவிட்டுப் போனால் நிம்மதி.

தண்ணீர் திரும்ப வரும்போது செம்மண் கலரில் வருமே. அப்போது என்ன செய்வது?

தொட்டிதான் கழுவப்படுகிறது, குழாய்கள் இல்லை. காலியான குழாயில் தண்ணீர் வேகமாக நுழையும்போது உள்ளே படிந்திருந்த துருவும் செதிலும் உதிரும். முதல் சில நிமிடம் காற்று புஸ்ஸென்று சீறி, பிறகு கலங்கலாக வரும். அது எங்கே போகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். முதலில் குளியலறையின் கீழ்க்குழாயைத் திறங்கள், சல்லடை இல்லாத குழாய். ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வையுங்கள். தெளிந்த பிறகு மற்றக் குழாய்கள்.

சமையலறைக் குழாயின் நுனியில் இருக்கும் வலையைத் திருகிக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள், மண் அதில் மாட்டிக்கொண்டால் "பிரஷர் இல்லை" என்று திங்கட்கிழமை பிளம்பரைத் தேட வேண்டியிருக்கும். ஆர்.ஓ. மெஷினை ஞாயிறு காலையே அணைத்து அதற்குப் போகும் சிறு வால்வை மூடுங்கள். சமையலறைக் குழாயில் தெளிவாக வந்து பத்து நிமிடம் ஆன பிறகு திறந்தால் போதும். இல்லையென்றால் முதல் கலங்கலிலேயே வடிகட்டி அடைத்துவிடும். வாஷிங் மெஷினையும் அன்று மாலை தொட வேண்டாம்.

கீசரைக் காலை 7 மணிக்கு முன் அணைத்துவிடுங்கள். மாலையில் சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் தண்ணீர் சீராக விழுவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். உள்ளே தண்ணீர் இல்லாமல் சூடேறினால் காயில் போய்விடும்.

பிளீச்சிங் வாசனை அடிக்கிற தண்ணீரைக் குடிக்கலாமா? மீன் தொட்டிக்கு ஊற்றலாமா?

குடிக்கலாம். நிரப்பும்போது 24,000 லிட்டருக்கு 100 கிராம் அளவு பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டுச் சேர்க்கிறோம், அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். அதிலும் ஒரு பகுதி சில மணி நேரத்தில் குறைந்துவிடும். இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500, குழாய் நுனியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. வால்வைத் திறக்கும் முன் குளோரோஸ்கோப்பில் பார்ப்போம். குழாயில் பிடித்த தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டதும் வெளிர் மஞ்சள் வந்தால் சரி, ஆரஞ்சு நிறத்துக்குப் போனால் அதிகம், கொஞ்சம் வடித்துவிட்டு மறுபடி நிரப்புவோம். வாசனை பிடிக்காதவர்கள் ஒரு ராத்திரி அகலமான பாத்திரத்தில் மெல்லிய துணி மூடி வையுங்கள், போய்விடும்.

மீன் தொட்டிக்கு நேராக ஊற்றாதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத அளவே மீனின் செவுளைச் சுட்டுவிடும். ஞாயிறு தண்ணீர் மாற்ற நினைத்திருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

அன்றைக்கே வெள்ளைச் சட்டை துவைக்கலாமா?

வேண்டாம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு, குளோரின் பட்டதும் பழுப்பாக வெளியே வரும். வெள்ளைத் துணியில் அது மஞ்சள் திட்டாக ஏறினால் சோப்புக்குப் போகாது. செவ்வாய்க்கிழமை துவையுங்கள்.

எல்லார் வீட்டிலும் வந்து எங்கள் வீட்டில் மட்டும் வரவில்லை என்றால்?

பெரும்பாலும் குழாயில் காற்று அடைத்திருக்கும். இறங்கு குழாய் காலியாகித் திரும்ப நிறையும்போது, வளைவில் காற்று மாட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும். மேல்மாடி வீடுகளில் இது அதிகம். வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாய்களை, அதாவது குளியலறைக் கீழ்க்குழாயையும் வாஷிங் மெஷின் குழாயையும் ஒருசேரத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். சீறிக்கொண்டு காற்று வெளியேறியதும் தண்ணீர் வரும். பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்கள் அதை ஞாயிறு காலையே அணைத்திருக்க வேண்டும். காற்று போகும் முன் அதைப் போட்டால் வறண்டு ஓடிப் பம்ப் சீல் எரிந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால் வாட்ச்மேன் அறையில் வீட்டு எண்ணைச் சொல்லுங்கள். பிளம்பர் இரவு 8 மணி வரை கீழேயே இருப்பார், மேல்மாடியிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வருவார். உங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே என்பதை மட்டும் அவர் வருவதற்கு முன் பார்த்து வைத்திருங்கள்.